சார்ஜ் லிஸ்ட்டும் கடைசி மின்னஞ்சலும்

1980களின் கடைசியில் கோவையின் மோட்டார் பம்புத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவை விட்டு ஒருவர் விலகினால், போகும் முன் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘சார்ஜ் லிஸ்ட்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முழுத்தாளுக்கு அடியில் இரண்டு கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதுவார்கள். கொடுப்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, மானேஜரின் கோப்புக்கு ஒன்று. இன்று அதே நாற்காலியிலிருந்து எழுபவர் கடைசி நாள் மாலை ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். நடந்துகொண்டிருக்கும் வேலைகள், பேச வேண்டிய ஆட்கள், கோப்புகள் இருக்கும் இடம் என்று மூன்று பகுதிகள் அதில் இருக்கும். இரண்டும் ஒரே தேவைக்காக எழுதப்பட்டவை. ஆனால் அந்தப் பட்டியல் செய்த வேலை வேறு, இந்த மின்னஞ்சல் செய்ய வேண்டிய வேலை வேறு. இரண்டையும் பக்கத்தில் பார்த்தவன் என்ற முறையில் அந்த வேறுபாட்டை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

பழைய பட்டியலில் பெரும்பாலும் பொருள்கள்தான் இருந்தன. பணப்பெட்டிச் சாவி இரண்டு. காசோலைப் புத்தகம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்ற குறிப்போடு. கைச்செலவுப் பணம் இவ்வளவு. தபால் தலைகள், ரெவின்யூ ஸ்டாம்புகள் இவ்வளவு. ரப்பர் ஸ்டாம்புகள். ரோக்கடம், பேரேடுகள், எந்தப் பக்கம் வரை எழுதியிருக்கிறது என்பதோடு. மாதவாரியாகக் கோணூசியால் தைத்த வவுச்சர் கட்டுகள். இவற்றில் மிகவும் பயந்து எண்ணப்பட்டது பணமில்லை, எழுதப்படாத ‘சி’ படிவங்கள்.

சி படிவத்தை இன்றைய கணக்கர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிமாநிலத்து வியாபாரிக்குப் பொருள் விற்றால் மத்திய விற்பனை வரி. வாங்குபவர் தம் ஊர் வணிகவரி அலுவலகத்தில் பெற்ற சி படிவத்தை நமக்கு அனுப்பிவைத்தால் நாம் கட்ட வேண்டிய வரி அன்று நூற்றுக்கு 4. அனுப்பாவிட்டால் நூற்றுக்கு 10, அல்லது உள்ளூர் விகிதம், எது அதிகமோ அது. ஒரு லட்ச ரூபாய்ப் பம்பு விற்பனையில் 4,000 ரூபாயா, குறைந்தது 10,000 ரூபாயா என்பதை அந்தத் தாள் ஒன்றே தீர்மானித்தது. நாம் வாங்கும் கச்சாப் பொருளுக்கு நாமும் அதுபோல் படிவம் கொடுக்க வேண்டும் என்பதால் வெற்றுப் படிவங்கள் நம் அலமாரியிலும் இருக்கும். வரிசை எண் அச்சிட்டவை. ஒவ்வொன்றும் மூன்று பகுதி. அடிக்கட்டை நம்மிடம், மற்ற இரண்டு பகுதி விற்றவருக்கு. ஒன்று தொலைந்தாலும் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

ஆகவே சார்ஜ் எடுக்கும் நாளில் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காசாளராக இருந்த பெரியவர் ஒருவர், கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, “எண்ணிப் பாருங்க தம்பி, எண்ணாமக் கையெழுத்துப் போட்றாதீங்க” என்பார். புதியவர் தயங்கினால் அவருக்கு முகம் மாறும். எண்ணச் சொல்வது தன்னைச் சந்தேகிக்கச் சொல்வதுதான் என்றாலும், எண்ணாமல் வாங்கிக்கொண்டால் நாளை குறை வந்தபோது இருவருக்கும் சங்கடம் என்று அவருக்குத் தெரியும். எண்ணி முடித்தபின் ‘ஒப்படைத்தேன்’ என்று ஒரு கையெழுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து விழும் வரை முதல் ஆள் ரிலீவ் ஆனதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு பெரிய குறையும் இருந்தது. பொருளுக்குக் கணக்கு இருந்தது, முடியாத வேலைக்குக் கணக்கு இல்லை. எந்த வெளிமாநில வியாபாரி இன்னும் சி படிவம் அனுப்பவில்லை, யாருக்கு எத்தனை நினைவூட்டல் போயிருக்கிறது, யார் ‘அடுத்த சரக்கோடு அனுப்புகிறேன்’ என்று இழுத்தடிப்பவர் என்பதெல்லாம் பேரேட்டு ஓரத்தில் பென்சில் புள்ளியாகவும் பழைய ஆளின் தலைக்குள்ளும் இருந்தன. அரசு அலுவலகங்களில் இதற்கு வழி செய்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தரும் வைத்திருக்கும் தன்பதிவேட்டில் அவரிடம் வந்த தாள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் நிற்கிறது என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்தப் பதிவேட்டைத் திறந்தால் இருக்கைக்குப் புதிதாக வருபவருக்கு நிலுவை கண்ணுக்குத் தெரியும். தனியார் தொழிற்சாலைகளில் அந்த ஒழுங்கு அபூர்வம்.

அந்தக் குறையை வேறொன்று ஈடுகட்டியது. பழையவரும் புதியவரும் கொஞ்ச காலம் கூடவே இருந்தார்கள். ஒரு மாதக் கணக்கு முடிப்பையாவது இருவரும் சேர்ந்து செய்துவிட்டுத்தான் பிரிவார்கள். பழையவர் புதியவரை வங்கிக்கு அழைத்துப் போவார். கவுண்டரில் இருப்பவரிடம் “இனிமேல் தம்பிதான் வருவாருங்க” என்பார். விற்பனை வரி அலுவலகத்தில் எந்த மேசை நம் கோப்பைப் பார்க்கிறது என்று நடந்து காட்டுவார். பென்சில் புள்ளிகளுக்கு அர்த்தம் அந்த நடையில்தான் கைமாறியது. பட்டியல் அதற்குச் சாட்சி மட்டும்.

இன்று அந்த மேசையில் எண்ணுவதற்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் பம்பு போன்ற சரக்குக்கு சி படிவத்தின் தேவையே போய்விட்டது. பெட்ரோல், டீசல், மது போன்ற வெளியே நிறுத்தப்பட்ட சில பொருள்களோடு அது சுருங்கிவிட்டது. காசோலைப் புத்தகம் இருக்கிறது, வருடத்தில் சில முறைதான் திறக்கிறார்கள். பேரேடு கணினிக்குள் இருக்கிறது; அதை யாரும் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. விலகுபவர் கையில் மிஞ்சுவது இரண்டு: முடியாத வேலைகளின் நிலை, உள்ளே நுழையும் வழி. இந்த இரண்டும் எண்ணிப் பார்க்க முடியாதவை. இவற்றை வாங்கிக்கொள்ள எதிரில் ஆளும் இருப்பதில்லை, புதியவர் பெரும்பாலும் இன்னும் வேலைக்கே எடுக்கப்படவில்லை. மின்னஞ்சல் மேலதிகாரிக்குப் போய், ஒரு மாதம் கழித்து வருபவருக்கு ‘ஃபார்வர்ட்’ ஆகிறது. எழுதியவரைப் பார்த்திராத ஒருவருக்கு அது முழுதும் புரிய வேண்டும்.

பெரும்பாலான ஒப்படைப்பு மின்னஞ்சல்கள் இங்கேதான் தவறுகின்றன. ‘ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் – மாதாமாதம்’, ‘டி.டி.எஸ். – காலாண்டு’, ‘பி.எஃப்., இ.எஸ்.ஐ. – மாதாமாதம்’ என்று எழுதுகிறார்கள். இதெல்லாம் வேலையின் பெயர்கள். கணக்குப் பிரிவுக்கு வரும் எவருக்கும் இவை முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது, இந்த வேலை இன்று எந்த இடத்தில் நிற்கிறது, கடைசியாக என்ன நடந்தது, அடுத்த அடியை எடுக்க வேண்டியவர் நாமா வெளியாளா, எந்தத் தேதி கடந்தால் பணம் போகும் என்பவை. ஒவ்வொரு வரிக்கும் இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்தாலே மின்னஞ்சலின் தரம் தெரிந்துவிடும்.

ஒரு மாதிரி மின்னஞ்சலை எழுதிப் பார்க்கலாம். பெயர்களும் தொகையும் கற்பனை, கெடுக்களும் விதிகளும் உண்மை. 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, ஒருவர் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். இங்கே தமிழில் தருகிறேன்.

“வணக்கம் சார். இன்று மாலையோடு என் பணி முடிகிறது. என்னிடம் இருந்தவற்றின் நிலை கீழே.

டி.டி.எஸ். காலாண்டு அறிக்கை, ஜூலை முதல் செப்டம்பர் வரை. கெடு அக்டோபர் 31, அன்று தீபாவளி. செலுத்திய தொகைகள் சரிபார்த்தாயிற்று. இரண்டு ஒப்பந்ததாரர்களின் பான் எண் செல்லாது என்று வருகிறது. இருவரிடமும் அட்டையின் நகல் கேட்டிருக்கிறேன், ஒருவர் அனுப்பிவிட்டார். மற்றவரிடம் வாங்கி 28ஆம் தேதி ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் 30ஆம் தேதி மதியத்தோடு மூடுகிறார்கள்.

வார்ப்புப் பட்டறையின் பிப்ரவரி மாதத்து பில். மதிப்பு 3,00,000, வரி 54,000. சரக்கு வந்தது, பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் அவர்கள் இன்னும் தங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1இல் இதைக் காட்டவில்லை, எனவே நம் 2பி-யில் வரவில்லை, வரவையும் நாம் எடுக்கவில்லை. நவம்பர் 11க்குள் அவர்கள் காட்டியாக வேண்டும். 14ஆம் தேதி 2பி-யில் பார்க்கவும். வந்திருந்தால் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் 3பி-யில் எடுத்துக்கொள்ளவும்.

அக்டோபர் மாதத்து வழக்கமான வேலைகள். நவம்பர் 7 டி.டி.எஸ். செலுத்துதல், 11 ஜி.எஸ்.டி.ஆர்-1, 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி. இவை எதுவும் இன்னும் தொடங்கவில்லை.”

இதில் வார்ப்புப் பட்டறை பற்றிய பத்தியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2023-24 நிதியாண்டுப் பில்லுக்கான உள்ளீட்டு வரி வரவை எடுக்கச் சட்டம் தரும் கடைசி நாள் 2024 நவம்பர் 30. (அதற்குமுன் ஆண்டறிக்கை தாக்கல் செய்துவிட்டால், அந்த நாளே கடைசி.) அனுபவமில்லாத ஒருவர் ‘நவம்பர் 30 கெடு’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் மாதாந்தரத் தாக்கலில் இருப்பவர்களுக்குக் காரியம் நடக்கும் வரிசை வேறு. பட்டறைக்காரர் அக்டோபர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ நவம்பர் 11க்குள் தாக்கல் செய்வார். அதில் இந்தப் பில் இருந்தால்தான் 14ஆம் தேதி உருவாகும் நம் 2பி-யில் அது தோன்றும். 11ஐத் தவறவிட்டு அடுத்த மாத அறிக்கையில் காட்டினால் அது நமக்கு டிசம்பரில்தான் வரும். அப்போது நவம்பர் 30 கடந்திருக்கும், 54,000 ரூபாய் போய்விடும். சட்டத்தில் உள்ள தேதியிலிருந்து நம் கை எட்டும் தேதிக்குப் பின்னோக்கி வந்து எழுதுவதுதான் ஒப்படைப்பவரின் அறிவு. தீபாவளியைக் கணக்கில் எடுத்ததும் அதே வகை.

சி படிவம் வரவில்லை என்று அன்று கவலைப்பட்டோம். பில் 2பி-யில் வரவில்லை என்று இன்று கவலைப்படுகிறோம். இரண்டிலும் நம் வரி மற்றவர் செய்யும் ஒரு வேலையில் தொங்குகிறது. அன்று அந்த நிலுவை பென்சில் புள்ளி. இன்று அது தேதியோடும் தொகையோடும் ஒரு வரியாக எழுதப்படுகிறது, நான்கு பேர் பார்க்கும்படி. இதைப் பெரிய ஆதாயமாகவே நினைக்கிறேன். பழைய ஆளின் நினைவாற்றலை நம்பி ஒரு கம்பெனி தன் பணத்தை வைத்திருந்த நிலை மாறியிருக்கிறது.

தொடர்புகள் பகுதியில்தான் இழப்பு கூர்மையாகத் தெரிகிறது. பெயர், எண், பெயர், எண் என்று ஒரு அட்டவணை இணைக்கப்படுகிறது. கூட்டிக்கொண்டு போய் “இனிமேல் தம்பிதான் வருவாருங்க” என்று சொன்னதில் இருந்த எதுவும் அட்டவணையில் ஏறுவதில்லை. எந்த விஷயத்துக்கு இவரை அழைப்பது, இவர் பதில் சொல்லாவிட்டால் அடுத்து யார், எப்படிக் கேட்டால் வேலை நடக்கும் என்பதை எழுத வேண்டும். வார்ப்புப் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். புதியவர் அட்டவணையைப் பார்த்து உரிமையாளரை அழைப்பார். “அதெல்லாம் அப்பவே போட்டாச்சுங்களே” என்று அவர் மனதாரச் சொல்வார். பொய் சொல்லவில்லை, அவர் பில்லைத் தம் வரி ஆலோசகரிடம் கொடுத்துவிட்டார், அத்தோடு வேலை முடிந்தது என்று நம்புகிறார். சிறு பட்டறைகளுக்கெல்லாம் ரிட்டர்ன் போடுபவர் வெளியே இருக்கும் ஆலோசகர்தான். அவரிடம்தான் பேச வேண்டும், அதுவும் 11ஆம் தேதி நெருக்கடிக்கு முன்பே, பில் எண்ணையும் தேதியையும் எழுத்தில் அனுப்பிவிட்டு. ‘உரிமையாளரிடம் கேட்டால் ஆயிற்று என்பார், ஆலோசகரிடம் கேட்கவும்’ என்ற ஒரு வரிக்கு, பக்கம் பக்கமான அட்டவணையைவிட மதிப்பு அதிகம்.

வங்கி விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே ஆளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அதிகாரிகளுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும். கிளையின் பொதுவான மின்னஞ்சல் முகவரியும், எந்தப் பிரிவு என்பதும் வேண்டும். ஆளைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆளையும், இருக்கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருக்கையையும் எழுதுவது நல்ல ஒப்படைப்பு. விலகும் நாளுக்கு முன்பே முக்கியமான இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியாக ஒரு சிறு மின்னஞ்சல் எழுதி, தமக்குப் பின் பார்க்கப்போகிறவரையும் அதில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் இன்னும் வராவிட்டால் மேலதிகாரியைச் சேர்க்கிறார்கள். பழைய நடையின் ஒரு பகுதி அப்படிக் காப்பாற்றப்படுகிறது.

மூன்றாவது, கோப்புகள். அன்றைய கோப்புக்கு ஓர் இடம்தான். இரும்பு அலமாரி, இரண்டாவது தட்டு, பிப்ரவரி மாதக் கட்டு. கட்டு அங்கே இருக்கும், அல்லது யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். தேடுவது கடினம், ஆனால் ஒரே தாள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் குழப்பம் குறைவு. இப்போது தேடுவது நொடி வேலை, ஆனால் ஒரே எக்செல் கோப்பு ஐந்து பெயரில் ஐந்து இடத்தில் இருக்கிறது. எது உண்மையானது என்று விலகியவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஒப்படைப்பு மின்னஞ்சலில் பாதையைக் கடைசி வரை எழுத வேண்டும்:

```
Accounts/2024-25/GST/2B-Mismatch.xlsx
Accounts/2024-25/TDS/Q2/
```

மூலப் பில் தாளாகவே இருந்தால் அதற்கு அலமாரித் தட்டும் எழுத வேண்டும். பழைய கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதே எட்டு ஆண்டைத்தான் சொல்கிறது. தாள் கட்டுகள் அந்த எட்டு ஆண்டும் அலமாரியில் தம் பாட்டுக்குக் கிடந்தன. யார் வேலையை விட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்றைய கோப்புகளுக்கு அந்த நிச்சயம் இல்லை, ஏனென்றால் பல கோப்புகள் கம்பெனியின் பெயரில் இல்லாமல் ஆளின் கணக்கில் இருக்கின்றன. விலகுபவர் தம் ஒன்டிரைவில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு அதன் இணைப்பை மின்னஞ்சலில் கொடுக்கிறார். அன்று மாலை அது திறக்கிறது, எல்லோரும் திருப்தி அடைகிறார்கள். பிறகு கணினிப் பிரிவு அவருடைய கணக்கை நீக்குகிறது. மைக்ரோசாஃப்டின் இயல்பான ஏற்பாட்டில் நீக்கப்பட்டவரின் ஒன்டிரைவ் 30 நாள் இருக்கும், யாரும் கவனிக்காவிட்டால் அழிவை நோக்கிப் போகும். கூகுளில் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும். நீக்கும்போதே கோப்புகளை வேறொருவருக்கு மாற்றாவிட்டால் அவையும் போகும். புதியவர் வேலையில் சேருவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. அவருக்கு மின்னஞ்சல் கிடைக்கும், அதில் இணைப்புகளும் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் திறக்காது.

ஆகவே இணைப்பை எழுதும் முன்பே கோப்பைப் பொது இடத்துக்கு மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்டில் பிரிவுக்கான ஷேர்பாயின்ட், கூகுளில் ஷேர்டு டிரைவ். அங்கே இருப்பவை ஆளோடு போவதில்லை. மாற்றியபின் இணைப்பைப் புதிதாக எடுக்க வேண்டும், ஒன்டிரைவிலிருந்து நகர்த்தினால் பழைய இணைப்பு செத்துப்போகலாம். சரியாக நடந்ததா என்று அறிய ஒரே வழி, தாம் திறந்து பார்க்காமல் பக்கத்து இருக்கைக்காரரை அவருடைய கணினியில் திறக்கச் சொல்வது. உரியவருக்கு எல்லாம் திறக்கும். அவருக்குத் திறந்ததால் நமக்கு எதுவும் தெரிந்துவிடாது. பக்கத்து இருக்கையில் அனுமதி கேட்கும் திரை வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

சிறு தொழிற்சாலைகளில் இதைவிடப் பெரிய ஓட்டை வாட்ஸ்அப். பட்டறைக்காரர்கள் பில்லைப் படமெடுத்து, கணக்கு எழுதுபவரின் சொந்த எண்ணுக்கு அனுப்புகிறார்கள். பல வருட பில்கள் ஒருவருடைய கைபேசிக்குள் இருக்கின்றன. அவர் போனால் அந்த அலமாரியும் கூடவே நடந்து போகிறது. கடைசி வாரத்தில் உட்கார்ந்து அவற்றை இறக்கி, மாதவாரியாகப் போட்டுவிட்டுப் போவது அலுப்பான வேலை. செய்துவிட்டுப் போகிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனிச் சாவி. அன்று பணப்பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்தால் அதிகாரம் மாறிவிட்டது. கம்பெனி முத்திரையும் அப்படித்தான். இப்போது அதன் இடத்தில் இருப்பவற்றில் சில, கொடுக்கவே கூடாதவை. டிஜிட்டல் கையொப்பம் யு.எஸ்.பி. டோக்கனாகப் பார்க்கச் சாவி மாதிரி இருக்கும், ஆனால் அது ஒருவரின் கையெழுத்து. அதைக் கடவுச்சொல்லோடு மேசை இழுப்பறையில் விட்டுப் போனால், இல்லாத ஆளின் கையெழுத்தை அடுத்தவர் போட்டுக்கொண்டிருப்பார். செய்ய வேண்டியது, அந்தக் கையொப்பத்தைத் தளங்களிலிருந்து விடுவித்து, புதியவருக்குச் சொந்தமானதைப் பதிவு செய்வது.

ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவான கைபேசி எண்ணும் அப்படியே. கடவுச்சொல்லை மறந்தாலோ, ஒருமுறைக் குறியீடு தேவைப்பட்டாலோ அது அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். விலகியவரின் சொந்த எண் அங்கே இருந்தால், 20ஆம் தேதி மாலை ஒரு கம்பெனியே அவர் போன் எடுப்பதற்காகக் காத்திருக்கும். அவர் புது வேலையில் ஏதோ கூட்டத்தில் இருப்பார். அவர் இருக்கும்போதே பதிவுத் திருத்தத்தில் புதிய கையொப்பதாரரைச் சேர்த்து, எண்ணை மாற்றி, மாறியது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் சிறிது நேர வேலை. அவர் போனபின் அதே காரியத்துக்கு வரி அதிகாரியிடம் மனு எழுதிக்கொண்டு போக வேண்டிவரும். மின்னஞ்சலில் இதற்கு ஒரு பத்தி வேண்டும்: எந்தெந்தத் தளம், யார் பெயரில், யார் எண்ணில், மாற்றியாயிற்றா. கடவுச்சொற்களை அதில் எழுதக் கூடாது. அந்த மின்னஞ்சல் எத்தனை பேருக்கு ‘ஃபார்வர்ட்’ ஆகும் என்று எழுதியவருக்குத் தெரியாது. கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்துவிட்டு, எங்கே என்று மட்டும் சொல்லலாம். அவர் போன மறுநாள் எல்லாவற்றையும் மாற்றுவது நல்லது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அன்றைய ஒப்படைப்பைவிட இன்றைய மின்னஞ்சல் அதிகம் சொல்ல வல்லது. தேடக்கூடியது, தேதி உள்ளது, ஒருவர் தலைக்குள் மறையாதது. அதில் இல்லாதது இரண்டாவது கையெழுத்து. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததுமே ஒப்படைப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. “எண்ணாமக் கையெழுத்துப் போட்றாதீங்க” என்று சொல்ல ஆளில்லை, போட வேண்டிய கையெழுத்தும் இல்லை. ‘நன்றி, வாழ்த்துகள்’ என்ற பதில்தான் வருகிறது.

அதைத் திரும்பக் கொண்டுவந்த ஒரு கணக்குப் பிரிவை எனக்குத் தெரியும். அங்கே ஒப்படைப்பு மின்னஞ்சல் கடைசி நாளில் போவதில்லை, ஐந்து வேலைநாள் முன்பே போகிறது. வாங்கிக்கொள்பவர், அவர் இன்னும் சேராவிட்டால் அந்த வேலையை இடைக்காலத்தில் பார்க்கப்போகிறவர், ஒவ்வொரு இணைப்பையும் தம் கணினியில் திறக்க வேண்டும், ஒவ்வொரு தளத்திலும் தம் பெயரில் நுழைய வேண்டும், தொடர்புகளில் இரண்டு பேரிடமாவது பேசிவிட வேண்டும். பிறகு அதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறார். நான் பார்த்த ஒரு பதில் இப்படி இருந்தது: “மூன்று கோப்புறைகளும் திறந்தன. டி.டி.எஸ். கோப்புறையில் இரண்டாம் காலாண்டு காலியாக இருக்கிறது. பி.எஃப். தளத்தில் இன்னும் உங்கள் எண்தான் காட்டுகிறது. ஆலோசகரிடம் பேசினேன், பில் நகல் மறுபடி கேட்கிறார். இந்த மூன்றும் சரியானதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறேன்.”